ப்ரமோஷன் எனக்கு, வேலை போனது நண்பனுக்கு: எப்படிச் சொல்வது?

அப்ரைசல் முடிந்த கையோடு என்னிடம் வரும் கேள்விகள் இவை. நான் இரண்டு பக்கமும் இருந்தவன். எட்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், பிறகு இன்னொரு இடத்தில் பதவி உயர்வும் வாங்கியிருக்கிறேன். அதனால் பதில்களில் பாதி, வேலையில்லாமல் இருந்தவன் சொல்வதாகத்தான் இருக்கும்.

எனக்கு டீம் லீடா ப்ரமோஷன் வந்திருக்கு. கூடப் படிச்சவனுக்கு வேலை போய் அஞ்சு மாசம் ஆச்சு. பாவம், சொல்லாமலே விட்டுட்டா என்ன?

அவனுக்குத் தெரியாமல் இருக்கப் போவதில்லை. யாரிடமிருந்து தெரிய வரும் என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

நான் வேலையில்லாமல் இருந்த நாட்களில் ஒரு நண்பன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து என்னோடு டீக்கடையில் உட்காருவான். "ஆபீஸ்ல என்னடா விசேஷம்?" என்று கேட்டால் "அதே கூத்துதான்" என்பான். மூன்று மாதம் கழித்து ஒரு கல்யாண ரிசப்ஷனில், சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருக்கும்போது, எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒருவர் "உன் ஃப்ரெண்ட் மேனேஜர் ஆயிட்டானாமே, ட்ரீட் ஆச்சா?" என்றார். நான் தெரிந்தது போலச் சிரித்து வைத்தேன். அவன் மேனேஜர் ஆனதில் எனக்கு ஒரு நாள் வயிற்றெரிச்சல் இருந்திருக்கும், பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் மாதக்கணக்கில் உறுத்தியது அது இல்லை. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாரமும் "இவனால் தாங்க முடியாது" என்று எனக்காக அவனே முடிவு செய்திருக்கிறான் என்பதுதான் உறுத்தியது. அந்த டீக்கடைப் பேச்சு முழுவதையும் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

இது என் ஒருவனுடைய கோணல் இல்லை. அனபெல் ராபர்ட்ஸ், எம்மா லெவின், ஓவுல் செசர் என்ற மூன்று ஆய்வாளர்கள் வெற்றியை மறைப்பதைப் பற்றி 2021இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மறைப்பவர் நல்ல எண்ணத்தில்தான் மறைக்கிறார், ஆனால் எதிரில் இருப்பவருக்கு அது தன்னைச் சின்னப் பிள்ளையாக நடத்துவது போலப் படுகிறது, நெருக்கமும் நம்பிக்கையும் குறைகிறது என்பதுதான் அதன் சாரம்.

மறைப்பது வேறு, தள்ளிப் போடுவது வேறு. அவன் அப்பா ஐ.சி.யூ.வில் இருக்கும் வாரத்தில் சொல்ல வேண்டாம். நாளைக்கு அவனுக்கு இன்டர்வியூ என்றால் இன்றைக்கு வேண்டாம். ஆனால் ஒரு வாரம், பத்து நாள், அதற்கு மேல் போனால் அது மறைப்பதாகத்தான் ஆகும். எப்போதாவது ஹாய் சொல்லும் ஆளாக இருந்தால் இந்த யோசனையே தேவையில்லை, தானாகத் தெரிந்துகொள்ளட்டும்.

நேர்ல சொல்றதுதான் மரியாதைன்னு நினைக்கிறேன். சரியா?

கல்யாணப் பத்திரிகைக்கு அது சரி. இதற்கு நான் வாட்ஸ்அப் மெசேஜைத்தான் சொல்வேன், அவனுக்கு மட்டும் தனியாக, க்ரூப்பில் போடுவதற்கு முன்னால்.

காரணம் முகம். நேரில் சொன்னால், காதில் விழுந்த அந்த நொடியிலேயே அவன் சிரித்தாக வேண்டும். போனிலும் அப்படித்தான், "அட, சூப்பர்டா!" என்று வருவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி விழும், அது இரண்டு பேருக்கும் கேட்கும், இரண்டு பேரும் கேட்காதது போல நடிப்பீர்கள். மெசேஜ் என்றால் அவன் படித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மொட்டை மாடிக்குப் போய்விட்டு வந்து, தனக்குத் தோன்றும்போது பதில் போடலாம். அந்த அரை மணி நேரத்தை அவனுக்குக் கொடுப்பதுதான் இங்கே மரியாதை. ராத்திரி பதினொன்றரைக்கு மட்டும் அனுப்பாதீர்கள், வேலை தேடுகிறவனுக்குத் தூக்கம் ஏற்கெனவே சரியாக இருக்காது.

தினமும் போனில் பேசுகிறவன், அல்லது ஒரே அறையில் இருப்பவன் என்றால் மெசேஜ் போடுவது கேலிக்கூத்தாகிவிடும். அப்போது வாயால்தான் சொல்ல வேண்டும், பேச்சின் தொடக்கத்திலேயே. இருபது நிமிடம் "அந்த கம்பெனி என்னாச்சு, இந்த கன்சல்டன்சி என்ன சொன்னாங்க" என்று அவன் கதையை எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் "அப்புறம் மச்சி, எனக்கு ஒரு நியூஸ்" என்று எடுத்தால், அதுவரை கேட்ட விசாரிப்பெல்லாம் வெறும் முன்னுரை என்று ஆகிவிடும்.

சரி, மெசேஜ்ல என்னதான் எழுதுறது? நாலு தடவை எழுதி அழிச்சுட்டேன்.

நான்கு தடவை அழித்ததில் ஒன்று இப்படி இருந்திருக்கும்:

"மச்சி, எப்படிச் சொல்றதுன்னே தெரியல. நீ இருக்கிற நிலைமையில இதைச் சொல்ல எனக்கே கஷ்டமா இருக்கு. எனக்கு ப்ரமோஷன் குடுத்துட்டாங்க. சத்தியமா என்னைவிட நீதான் இதுக்குத் தகுதி. கவலைப்படாத, உனக்கும் சீக்கிரம் நல்லது நடக்கும்."

நல்ல மனசோடு எழுதியதுதான். படிக்கிறவனுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். முதல் வரியில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நெஞ்சு திக்கென்கிறது. "நீ இருக்கிற நிலைமையில" என்பது அவனுடைய ஐந்து மாதத்தை உங்கள் சேதிக்குள் இழுத்துவிடுகிறது. உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றதும், "அட, அதெல்லாம் ஒண்ணும் இல்லடா" என்று அவன்தான் உங்களைத் தேற்ற வேண்டும். வேலை போனவனுக்கு இன்னொரு வேலை. தகுதி பற்றிய வரி உண்மையில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். கடைசி வரியை அவன் பெரியம்மா முதல் பால்காரர் வரை எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

இப்படி எழுதலாம்:

"மச்சி, ஒரு நல்ல விஷயம். இந்த அப்ரைசல்ல என்னை டீம் லீட் ஆக்கியிருக்காங்க, ஒண்ணாம் தேதியிலேர்ந்து. சந்தோஷமா இருக்கேன். க்ரூப்ல போடுறதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு. ஞாயித்துக்கிழமை வழக்கம்போல டீக்கடை."

"நல்ல விஷயம்" என்று முதலிலேயே வந்துவிடுவதால் பதற்றம் இல்லை. சேதி ஒரே வாக்கியம், பதவியின் பெயர், தேதி, அவ்வளவுதான். எத்தனை பேரில் உங்களைத் தேர்ந்தெடுத்தார்கள், மேனேஜர் மீட்டிங்கில் என்ன சொன்னார் என்பதெல்லாம் இல்லை, அவன் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். "சந்தோஷமா இருக்கேன்" என்பதை எடுத்துவிடாதீர்கள். அதை எடுத்தால் ஏதோ தப்புப் பண்ணிவிட்டு ஒப்புக்கொள்வது போல ஆகும். "முன்னாடி உன்கிட்ட" என்பதில் அவனுக்கான இடம் வந்துவிட்டது, அதற்கு மேல் பாசத்தை விளக்க வேண்டியதில்லை. டீக்கடை வரியைத்தான் நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். அதில் கேள்விக்குறி கிடையாது, பதில் எதிர்பார்ப்பு கிடையாது, ஞாயிறு ஞாயிறாகவே இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகவும் வேண்டும், சும்மா எழுதிவிட்டு வராமல் இருந்தால் மொத்தமும் வீண்.

"பேருக்குத்தான் ப்ரமோஷன், வேலைதான் ரெண்டு மடங்கு, சம்பளம் ஒண்ணும் ஏறல"ன்னு கொஞ்சம் குறைச்சுச் சொன்னா அவனுக்கு ஆறுதலா இருக்காதா?

இருக்காது, எரிச்சலாக இருக்கும். ஐந்து மாதமாக வேலை தேடுகிறவனிடம் "வேலை ஜாஸ்தி" என்று புலம்புவதை அவன் காதால் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

புலம்பல் போல வேஷம் போட்டு வரும் பெருமையைப் பற்றி மேலே சொன்ன ஓவுல் செசரும் சகாக்களும் 2018இல் தனியாகவே ஒரு ஆய்வு செய்தார்கள். நேரடியாகப் பெருமை பேசுகிறவர்களைவிட, நேரடியாகப் புலம்புகிறவர்களைவிட, இந்த இரண்டையும் கலந்து பேசுகிறவர்களைத்தான் மக்களுக்குக் குறைவாகப் பிடித்தது, காரணம் அதில் உண்மை இல்லை என்று தோன்றுவதுதான். எனவே பெருமையாகத் தெரியக் கூடாதே என்று நீங்கள் சேர்க்கும் அந்த வாலே பெருமையைவிட மோசமாக வேலை செய்கிறது. நிஜமாகவே சம்பளம் ஏறவில்லை, நிஜமாகவே அதில் உங்களுக்குக் கோபம் என்றால், அந்தப் புலம்பலுக்கு வேலையில் இருக்கும் வேறு நண்பனைப் பிடியுங்கள்.

எவ்வளவு ஏறுச்சுன்னு கேட்டா? அவன் கேப்பான், எனக்குத் தெரியும்.

வேலையில் இருந்த காலத்தில் ஒருவருக்கொருவர் சம்பளம் சொல்லிக்கொள்வீர்களா? அப்படியானால் இப்போதும் சொல்லுங்கள், அதே தொனியில், தொகையைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இதுவரை சொன்னதில்லை என்றால் "பரவாயில்லடா, ஓரளவு குடுத்திருக்காங்க" போதும். கேட்டபோதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் திடீரென்று மழுப்பினால் அதற்குப் பெயர் அடக்கம் இல்லை, அவனைத் தள்ளி நிறுத்துவதாகத்தான் அவனுக்குப் படும்.

கைமாத்து கேட்பானோ என்ற பயத்தில்தான் பலர் தொகையைக் குறைத்துச் சொல்கிறார்கள், இதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. கேட்டால் கொடுக்க முடிந்ததைக் கொடுங்கள், முடியாததை முடியாது என்று சொல்லுங்கள். அந்த முடிவை இப்போதே பொய் சொல்லி எடுக்க வேண்டாம்.

க்ரூப்ல எல்லாரும் "ட்ரீட் எப்போ"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. அவனும் அதே க்ரூப்லதான் இருக்கான்.

ட்ரீட் வையுங்கள், அவனையும் கூப்பிடுங்கள். அவனை மட்டும் விட்டுவிட்டு வேறு க்ரூப் ஆரம்பித்து ஏற்பாடு செய்கிற புத்திசாலித்தனம் இரண்டே நாளில் போட்டோவாக வெளியே வந்துவிடும்.

பில் நீங்கள்தான் கட்டுகிறீர்கள், அதனால் காசு பிரச்சினை இல்லை என்று நினைப்பீர்கள். வேலையில்லாதவனுக்கு ட்ரீட்டில் வரும் செலவே வேறு. "ஆளுக்கு ஐநூறு போட்டு ட்ரீட் வைக்கிறவனுக்கு கேக்கும் கிஃப்டும் வாங்கலாம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஓ.எம்.ஆர். கடைசியில் ஒரு பஃபே ஹோட்டல் என்றால் திரும்பி வரும் ஆட்டோவே அவன் இரண்டு நாள் செலவு. கேக் வசூலைத் தொடங்கும் முன்பே "எதுவும் வாங்காதீங்கடா, சாப்பிட வாங்க" என்று நீங்களே க்ரூப்பில் போட்டுவிடுங்கள், இடத்தை எல்லோரும் பஸ்ஸில் வரக்கூடிய பக்கமாகப் பாருங்கள். பழைய காலேஜ் பிரியாணிக் கடை போதும், சொல்லப்போனால் அதுதான் நன்றாகவும் இருக்கும்.

இதைவிடப் பெரிய செலவு கேள்விகள். "நீ இப்ப எங்கடா இருக்க?" என்று ஒரு வருஷமாகப் பேசாத ஒருவன் கேட்பான், "அடுத்த ட்ரீட் உன்னோடதுதான்" என்று இன்னொருவன் தோளில் தட்டுவான். அதனால் யார் யார் வருகிறார்கள் என்று அவனிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள், "வந்தா நல்லா இருக்கும், வரலைன்னா நாம தனியா பாத்துக்கலாம்" என்றும் சொல்லுங்கள். வராவிட்டால் காரணம் கேட்க வேண்டாம், மற்றவர்கள் "ஏன் வரல?" என்றால் "வேலை இருக்காம்" என்று முடித்துவிடுங்கள்.

லிங்க்ட்இன்ல, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடலாமா?

போடலாம், அவனிடம் சொன்ன பிறகு. லிங்க்ட்இன்னில் புதுப் பதவியைச் சேர்க்கும்போது "Notify network" என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதை அணைத்துவிட்டு முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை தேடுகிறவன் நாள் முழுக்க அந்தச் செயலியைத்தான் திறந்து வைத்திருப்பான் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் மெசேஜுக்கு முன் அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்தால் "முன்னாடி உன்கிட்ட" என்ற வரி பொய்யாகிவிடும்.

வாட்ஸ்அப்பில் "My contacts except..." என்பதில் அவன் பெயரை மட்டும் டிக் செய்துவிட்டு ஸ்டேட்டஸ் வைப்பது வேண்டவே வேண்டாம். க்ரூப்பில் யாராவது அந்த ஸ்டேட்டஸைப் பற்றிப் பேசினால் முடிந்தது கதை.

அதே மெசேஜ்லயே "ரெஸ்யூமே அனுப்பு, எங்க கம்பெனில ரெஃபர் பண்றேன்"னு போட்டா நல்லதுதானே?

ரெஃபர் பண்ணுங்கள், அதே மெசேஜில் வேண்டாம். சேர்த்துப் போட்டால் உங்கள் நல்ல சேதி கேட்டதற்குக் கூலி கொடுப்பது போல இருக்கும். நாலைந்து நாள் விட்டு, தனியாக, "எங்ககிட்ட இந்த ஓப்பனிங் இருக்கு, உனக்குச் சரிவருமா பாரு" என்று குறிப்பிட்டு ஒரு வேலையைக் காட்டிக் கேளுங்கள். "ஏதாவது இருந்தா சொல்றேன்" என்பதை அவன் நூறு பேரிடம் கேட்டிருக்கிறான்.

பல கம்பெனிகளில் நீங்கள் சொன்ன ஆள் சேர்ந்தால் உங்களுக்கு ரெஃபரல் போனஸ் உண்டு, அதையும் சொல்லிவிடுங்கள், பின்னால் அவனாகத் தெரிந்துகொண்டால் கசக்கும். எந்தத் தேதி அப்லோட் செய்தீர்கள் என்று சொல்லுங்கள், நிராகரித்துவிட்டார்கள் என்றாலும் சொல்லுங்கள். "இப்ப நான்தான லீடு, என் டீம்லயே எடுத்துடுறேன்" என்று மட்டும் வாய் விடாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை, இருந்தாலும் அவன் உங்களுக்குக் கீழே வேலை பார்க்க விரும்புவானா என்று யார் கேட்டது?

நாங்க நாலு பேர் ரெண்டு வருஷம் ஒரே ரூம்ல உக்காந்து குரூப் 4க்குப் படிச்சோம். நான் மட்டும் க்ளியர் ஆயிட்டேன்.

ஐ.டி. ப்ரமோஷனைவிட இது கடினம். ஒரே பரீட்சை, ஒரே 200 கேள்வி, ஒரே 300 மதிப்பெண், இரண்டு வருஷமாக மாதிரித் தேர்வில் யார் எவ்வளவு என்று நால்வருக்கும் தெரியும். ஆப்ரகாம் டெஸ்ஸர் என்ற உளவியலாளர் 1980களிலேயே சொன்னது இதுதான்: நெருக்கமானவர் வேறு துறையில் ஜெயித்தால் நமக்கும் பெருமை, நாம் உயிரைக் கொடுக்கிற அதே துறையில் ஜெயித்தால்தான் வலி. உங்களுக்குக் கிரிக்கெட்டில் கோப்பை கிடைத்திருந்தால் மூன்று பேரும் தோளில் தூக்கியிருப்பார்கள்.

மறைப்பது என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. ரிசல்ட் வந்த அன்றே ஒருவர் நம்பரை ஒருவர் போட்டுப் பார்த்திருப்பார்கள். ஆகவே சேதியைச் சொல்வதில் பிரச்சினை இல்லை, அதற்கு மறுநாள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. "ஏதோ லக்குதான்" என்று சொல்லாதீர்கள், அவர்களுக்கு அந்த லக்குகூட இல்லை என்றாகிவிடும். எப்படிப் படித்தால் பாஸ் ஆகலாம் என்று அறிவுரை தராதீர்கள், நேற்று வரை ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். உங்கள் நோட்டுகளையும் பழைய வினாத்தாள் கட்டையும் அந்த அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்வார்கள். சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு என்று உங்களுக்கு இன்னும் அலைச்சல் இருக்கும், அந்தப் பதற்றத்தை அவர்களிடம் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். அறை வாடகையில் உங்கள் பங்கு நின்றால் மற்ற மூவருக்கும் சுமை ஏறும். முடிந்தால் இன்னும் ஒரு மாதப் பங்கைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்ல அம்மா "கண்ணு பட்டுடும், யார்கிட்டயும் சொல்லாதே"ங்கிறாங்க.

அம்மா சுற்றிப் போடட்டும், உப்பு மிளகாய் வாங்கிக் கொடுங்கள். ஆர்டர் கையில் வரும்வரை ஊருக்குச் சொல்லாமல் இருப்பதும் நல்ல பழக்கம்தான். ஆனால் கடிதம் வந்த பிறகும் இந்த ஒரு நண்பனிடம் மட்டும் சொல்லவில்லை என்றால், அவன் கண்தான் கெட்ட கண் என்று நீங்கள் நினைப்பதாக அவன் எடுத்துக்கொள்வான். அம்மாவிடமும் அவனிடம் சொல்லிவிட்டீர்கள் என்று சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அவன் வீட்டுக்கு வரும்போது அம்மா எதையோ மறைக்கிற மாதிரி முழிப்பார்.

மெசேஜ் போட்டு மூணு நாள் ஆச்சு. ப்ளூ டிக் விழுந்துருச்சு, பதில் இல்ல.

ஒன்றும் செய்யாதீர்கள். "கோவமாடா?" என்று கேட்டால் அவன் மறுபடியும் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும். ஞாயிறு வந்தால் டீக்கடைக்குப் போங்கள். வந்தால் ப்ரமோஷன் பேச்சை நீங்கள் எடுக்க வேண்டாம், அவன் எடுத்தால் இரண்டு நிமிடம் மனம்விட்டுச் சந்தோஷமாகப் பேசுங்கள். வரவில்லை என்றால் அடுத்த வாரம் வழக்கமான வேறு ஏதாவது, ஒரு மேட்ச் பற்றியோ மீமோ, அனுப்புங்கள். மூன்று நான்கு வாரம் தாண்டியும் எதற்குமே பதில் இல்லை என்றால் அது உங்கள் ப்ரமோஷன் பற்றியதாக இல்லாமல் இருக்கலாம். தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, வீட்டை விட்டு வெளியே வருகிறானா என்று அவன் வீட்டில் விசாரியுங்கள். அப்போது மெசேஜ் பத்தாது, நேரில் போக வேண்டும்.

நான் ஏற்கெனவே ரெண்டு மாசம் மறைச்சுட்டேன். இப்ப யார் மூலமாவோ அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. என்ன செய்றது?

இதை மட்டும் நேரில் செய்யுங்கள். "உன் மனசு கஷ்டப்படும்னுதான்" என்று ஆரம்பிக்காதீர்கள், பழியைத் திருப்பி அவன் மனசின் மேலேயே வைப்பது அது. "எனக்கு உன்கிட்ட எப்படிப் பேசுறதுன்னு தெரியல, அதனால சொல்லாம விட்டேன், நான் பண்ணது தப்பு" என்று சொல்லுங்கள். அவன் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் நண்பன் அந்த ரிசப்ஷன் நடந்த மறுவாரம் வந்தான். டீ சொல்லிவிட்டு, கிளாஸ் வருவதற்குள் இதைத்தான் சொன்னான், கொஞ்சம் திக்கித் திக்கி. நான் ஒரு பத்து நிமிடம் திட்டினேன், பக்கத்து பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. அப்புறம் "எத்தனை பேர்டா உன் டீம்ல?" என்று கேட்டேன். பதினாலு பேர் என்றான்.